திருப்பிவிட்ட பால் படத்தில் எங்கே?

"அந்தப் புள்ளிக்கோட்டு அம்புகளை எடுத்துவிடு மச்சான், படம் அசிங்கமாக இருக்கிறது" என்று என்னோடு வேலை செய்யும் நண்பன் போன மாதமும் சொன்னான். நான் எடுக்கவில்லை. இது எங்களுக்குள் ஒரு வருடமாக நடக்கும் வாக்குவாதம். தரவு எங்கிருந்து வருகிறது, எங்கே சுத்தமாகிறது, எந்தக் களஞ்சியத்தில் சேர்கிறது, எந்த டாஷ்போர்டில் தெரிகிறது என்று ஒரு தாளில் வரைவதுதான் டேட்டா பைப்லைன் படம். வாடிக்கையாளர் ஒருவர் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளும் அளவுக்கு அது எளிமையாக இருக்க வேண்டும் என்பது அவன் கட்சி. அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் எதை விட்டு எளிமையாக்குகிறோம் என்பதில்தான் எனக்கும் அவனுக்கும் ஒத்துவரவில்லை. நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறேன் என்பதைக் கோர்வையாக ஒருமுறை எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்கு வலிகாமத்தில் ஒரு பால் சேகரிப்பு நிலையத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

எங்கள் சிறிய நிறுவனம் யாழ்ப்பாணத்தில் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு வேலை செய்தது. எட்டுச் சேகரிப்பு நிலையங்கள். காலையிலும் பின்னேரமும் அங்கத்தவர்கள் சைக்கிளில் பாலைக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். முன்பு எல்லாம் கொப்பியில்தான் எழுதினார்கள். அப்புறம் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு டேப்லெட் கொடுத்து, அங்கத்துவ இலக்கம், லீற்றர், லக்டோமீட்டர் அளவு மூன்றையும் தட்டினால் பற்றுச்சீட்டு வரும்படி செய்தோம். கொப்பியையும் விடவில்லை. கொடுப்பனவு கொப்பிக் கணக்கின்படியே தொடர்ந்து நடந்தது. கொப்பியின் மொத்தத்தைக் கணக்காளர் தன் கணக்கு மென்பொருளில் ஏற்றுவார். டேப்லெட் பதிவுகள் எங்கள் சேவையகத்துக்கு வரும். இவை போக, அலுவலகத்தில் எக்செல்லில் ஒரு அங்கத்தவர் பதிவேடு. ஆக மூன்று மூலங்கள். முகாமையாளருக்கு வேண்டியது, எந்த நிலையத்தில் எவ்வளவு பால் என்று காலையில் திறந்து பார்க்க ஒரு டாஷ்போர்ட்.

முதல் படத்தை நான்தான் வரைந்தேன். இடப்பக்கம் மூன்று பெட்டிகள், நடுவில் 'சுத்திகரிப்பு' என்று ஒரு பெட்டி, அதற்கு அடுத்ததாக உருளை வடிவில் களஞ்சியம், வலப்பக்கம் டாஷ்போர்ட். எல்லா அம்பும் இடமிருந்து வலம். நான்கு நிறம், மென்பொருள்களின் சின்னங்கள் கூட ஒட்டியிருந்தேன். முகாமையாளர் அதைப் பெரிதாக அச்செடுத்து அலுவலகச் சுவரில் மாட்டிவைத்தார். அந்தப் படத்தில் பொய் என்று ஒன்றும் இல்லை. இருந்தும் அதை வைத்து எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல முடியாது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து முகாமையாளர் கூப்பிட்டார். ஒரு நிலையத்தின் கணக்கு இடிக்கிறது. கணக்காளரின் புத்தகத்தில் அந்த நிலையத்துக்கு ஒரு நாளைக்கு டாஷ்போர்டில் தெரிவதைவிட நாற்பது லீற்றர் வரை கூட இருக்கிறது. மற்ற நிலையங்களில் வித்தியாசம் இல்லை, இருந்தாலும் சொற்பம். "கணனி பிழை விடாதுதானே தம்பி" என்றார். அவர் வேறொன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு விளங்கியது. கொப்பியில் கூட்டி எழுதி யாரோ காசு எடுக்கிறார்கள் என்பதுதான் அவர் சந்தேகம். அந்தக் கொப்பியை எழுதுவது ஒரு அக்கா. பதினைந்து வருடமாக அதே நிலையத்தில் பால் அளப்பவர்.

காலை ஐந்து மணி

நேரில் போய்ப் பார்ப்பதென்று முடிவெடுத்தேன். கோப்பாயிலிருந்து பருத்தித்துறை வீதியால் மேலே போனால் அச்சுவேலிக்கு முன்னால் வரும் ஒரு ஒழுங்கை. நான் போனபோது ஐந்து மணிகூட ஆகவில்லை, இருட்டு. தகரக் கூரைக்குக் கீழே ஒரு பல்ப், ஒரு மேசை, சீமெந்துத் திண்ணையில் அலுமினியக் கேன்கள். குளிரூட்டும் வாகனம் முதலில் வருவது இந்த நிலையத்துக்கு என்பதால் இங்கே மட்டும் ஐந்து மணிக்கே தொடங்கிவிடுவார்கள், மற்ற இடங்களில் ஆறு மணி.

அக்கா வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் பாலைக் கொடுத்தால் முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகு உயரக் குழாயில் ஊற்றி லக்டோமீட்டரை மிதக்கவிட்டு, அது ஆடி நின்றதும் கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து வாசிப்பார். அந்த அளவு முப்பது என்றால் பாலின் ஒப்படர்த்தி 1.030. தண்ணீர் கலந்திருந்தால் மானி கீழே இறங்கி எண் குறையும். சரி என்றால் அளந்து கேனில் ஊற்றி, டேப்லெட்டில் தட்டி, கொப்பியிலும் எழுதுவார். சரியில்லை என்றால் பாலைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆனால் அப்போதும் கொப்பியில் எழுதுவார். அவருடைய கொப்பியில் கடைசி நிரலுக்குத் தலைப்பு 'திருப்பியது'. யாருடைய பால், எத்தனை லீற்றர், என்ன காரணம் எல்லாம் அந்த நிரலில் இருந்தது. புளிப்பு, தண்ணி, தூசு.

கூட்டம் குறைந்ததும் பிளேன்டீ வந்தது. நான் கொண்டுபோயிருந்த படத்தை மேசையில் விரித்து, அவருடைய பதிவு எப்படி முகாமையாளரின் திரைக்குப் போகிறது என்று விரலால் காட்டினேன். அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு 'சுத்திகரிப்பு' என்ற பெட்டியில் விரலை வைத்தார்.

"இதில என்ன செய்யிறியள்?"

"பிழையான பதிவுகளைக் கழிக்கிறம் அக்கா. ஒரே பற்றுச்சீட்டு ரெண்டு தரம் வந்தா ஒண்டை விடுறம். அங்கத்துவ இலக்கம் பொருந்தாட்டியும் விடுறம்."

"அப்ப விட்டது எங்க கிடக்கு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "விட்டது போகாது அக்கா, சரியானதுதான் போகும்" என்றேன்.

"அது சரி தம்பி. நானும் சரியான பாலைத்தான் கேனுக்க ஊத்திறன். திருப்பி விட்டதுக்கும் ஒரு நிரல் வச்சிருக்கிறன். இல்லாட்டி பின்னேரம் ஒருத்தர் வந்து நான் பால் தந்தனான் எண்டு சொன்னா நான் எதைக் காட்டுறது? உந்தப் படத்தில திருப்பி விட்டதுக்கு இடமே இல்லை."

வீதியால் திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் படத்தில் அந்தப் பெட்டிக்குள் அம்புகள் நுழைகின்றன, ஒரு அம்பு வெளியே போகிறது. நுழைந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு, இடையில் விழுந்தது எவ்வளவு, விழுந்தது எங்கே? படத்தில் மட்டுமல்ல, எங்கள் கணனி நிரலிலும் அதற்கு விடை கிடையாது. விழுந்த பதிவை நாங்கள் எங்கும் வைக்கவே இல்லை. படத்தில் இல்லாதது கட்டியதிலும் இல்லை. படம் வரையும்போதே யாராவது கேட்டிருந்தால் கட்டும்போது வைத்திருப்போம்.

412 எங்கே போயின

அன்றைக்கே உட்கார்ந்து முந்தைய நாளின் பதிவுகளை எண்ணினேன். எட்டு நிலையங்களிலிருந்தும் வந்து விழுந்த மூலப் பதிவுகள் 412. களஞ்சியத்துக்குள் போயிருந்தவை 386. இருபத்தாறு வரிகள் நடுவில் எங்கோ நின்றுவிட்டன. முதல் படியில் ஒன்பது போயிருந்தன. சிக்னல் இல்லாத நேரத்தில் டேப்லெட் அனுப்பிய பதிவுக்குப் பதில் வராததால் அதையே மறுபடி அனுப்பியிருக்கிறது. ஒரே பற்றுச்சீட்டு இலக்கம், ஒரே நேரம். அவற்றைக் கழித்தது நியாயம். மிச்சம் பதினேழும் போனது இந்த இடத்தில்:

```sql
SELECT r.*
FROM raw_receipt r
JOIN member m ON m.member_no = r.member_no;
```

பார்க்க ஒரு குறையும் தெரியாது. அங்கத்தவர் பெயரையும் ஊரையும் சேர்ப்பதற்காக எழுதிய மூன்று வரி. ஆனால் வெறும் `JOIN` என்றால் இரண்டு பக்கமும் பொருந்தும் வரிகள் மட்டும்தான் வெளியே வரும். பொருந்தாத வரி காணாமல் போகும், எந்தப் பிழைச்செய்தியும் வராது. இதை நாங்கள் படத்தில் 'அங்கத்தவர் விபரம் சேர்த்தல்' என்றுதான் எழுதியிருந்தோம். சேர்க்கும் வேலை என்று பெயர் வைத்ததால், அது கழிக்கவும் செய்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஏன் பொருந்தவில்லை என்பதை எக்செல் பதிவேட்டைத் திறந்ததுமே கண்டுகொண்டேன். அங்கத்துவ இலக்கம் ஐந்து எண். முதல் இரண்டும் நிலையத்தின் குறி, மிச்சம் மூன்றும் ஆளின் வரிசை. நான்காம் நிலையத்தின் 37ஆவது ஆள் 04037. அந்த நிரலை மேலிருந்து கீழே உருட்டிப் பார்த்தால் எண்கள் எல்லாம் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கின்றன. கடைசி இருபது வரியளவில் வந்ததும் வலப்பக்கம் ஒட்டி நிற்கின்றன. எக்செல் எழுத்தை இடப்பக்கமும் எண்ணை வலப்பக்கமும் ஒட்டும், நாமாக மாற்றாத வரை. புதிதாகச் சேர்ந்தவர்களை யாரோ வேறொரு கோப்பில் தட்டச்சு செய்து கீழே ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கோப்பில் 04037 என்று தட்டியதும் எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னாலிருந்த பூச்சியத்தை விட்டுவிட்டது. பதிவேட்டில் 4037, டேப்லெட்டில் 04037. கணனிக்கு இரண்டும் வெவ்வேறு ஆட்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களில் பன்னிரண்டு பேர் அக்காவின் ஊர். அன்று அவர்களில் பதினொரு பேர் பால் ஊற்றியிருந்தார்கள். பதினேழில் பதினொன்று. ஆளுக்கு மூன்றரை, நான்கு லீற்றர் என்று கூட்டினால் முகாமையாளர் சொன்ன அந்த நாற்பது லீற்றர். அக்காவின் கொப்பியில் ஒரு துளிகூடக் கூட்டி எழுதப்படவில்லை. எங்கள் திரைதான் குறைத்துக் காட்டியது. இதை எழுதும்போதும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. பால் ஊற்றியவர்களுக்குக் காசு கொப்பிக் கணக்கில் ஒழுங்காகப் போயிருந்தது. ஆனால் இரண்டு மாதமாக ஒரு நேர்மையான மனிதர்மீது ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது, அது எங்கள் மூன்று வரியால் வந்தது.

பதிவேட்டைத் திருத்துவது ஐந்து நிமிட வேலை. படத்தைத் திருத்துவதுதான் முக்கியம் என்று எனக்குப் பட்டது. 'சுத்திகரிப்பு' என்ற ஒற்றைப் பெட்டியை உடைத்து, பதிவு விழக்கூடிய ஒவ்வொரு படியையும் தனிப் பெட்டியாக்கினேன். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு வாசல் வைத்தேன். நல்லது போவதற்கு முழுக்கோடு, கழிந்தது போவதற்குப் புள்ளிக்கோடு. கழிந்ததும் ஒரு அட்டவணையில்தான் போய்ச் சேர வேண்டும், வெளியில் தொங்கக் கூடாது. அம்பின்மேல் அன்றைய எண்ணிக்கை. நாங்கள் படத்தை, எழுத்தைப் படமாக மாற்றும் மெர்மெய்ட் என்ற கருவியில் எழுதிவைக்கிறோம். அந்தப் பகுதி மட்டும் இப்படி:

```
flowchart LR
  raw[(raw_receipt)] -->|412| dedup["இரட்டை நீக்கம்"]
  dedup -->|403| match["இலக்கம் பொருத்தல்"]
  dedup -.->|9| dup[(dup_receipt)]
  match -->|386| fact[(fact_receipt)]
  match -.->|17| rej[(reject_receipt)]
```

இப்போது எந்தப் பெட்டியை எடுத்தாலும் கணக்கு ஒப்ப வேண்டும். உள்ளே வந்தது, வெளியே போனதும் கழிந்ததும் சேர்ந்த தொகை. 412 என்பது 403உம் 9உம். 403 என்பது 386உம் 17உம். ஒப்பாவிட்டால் அந்தப் பெட்டியில் நாங்கள் அறியாத மூன்றாவது வாசல் ஒன்று இருக்கிறது. படத்தை வரைந்த பிறகு கணனி நிரலையும் அதற்கேற்ப மாற்றினோம். பொருந்தாதவை காரணத்தோடு தனியே போகும்:

```sql
INSERT INTO reject_receipt
SELECT r.*, 'no_member' AS reason
FROM raw_receipt r
LEFT JOIN member m ON m.member_no = r.member_no
WHERE m.member_no IS NULL;
```

(மேலே சுருக்கமாகக் காட்டியிருக்கிறேன். உண்மையில் இது இரட்டை நீக்கம் முடிந்த அட்டவணையிலிருந்து எடுக்கும்.)

வரிகளை எண்ணுவது மட்டும் போதாது என்பதைச் சில வாரத்தில் கற்றுக்கொண்டோம். பதிவேட்டில் ஒரே ஆள் தவறுதலாக இரண்டு வரியில் இருந்தால், அவருடைய ஒரு பற்றுச்சீட்டு இரண்டு வரியோடும் பொருந்தி இரண்டாகப் பெருகும். ஒரு பெட்டி மூன்று வரியைச் சத்தமில்லாமல் விட்டு வேறு மூன்று வரியைப் பெருக்கினால் எண்ணிக்கை அப்படியே ஒத்துப்போகும். அதனால் ஒவ்வொரு அம்பிலும் வரியோடு லீற்றரையும் எழுதத் தொடங்கினோம். விழுந்த பாலும் பெருகிய பாலும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம், ஆகவே எண்ணிக்கையில் ஒளிந்தது லீற்றரில் தெரிந்துவிடும். இன்னொன்று, நாள்வாரியாகக் கூட்டிச் சுருக்கும் பெட்டிக்கு வரிக்கணக்கு பொருந்தவே பொருந்தாது. ஐம்பது வரி உள்ளே போய் ஒரு வரி வரும். அங்கே லீற்றர் மட்டும்தான் சாட்சி. அப்படிப்பட்ட பெட்டியின் இரண்டு பக்கமும் ஒரு வரி என்றால் என்ன என்று எழுதிவைப்போம். இந்தப் பக்கம் 'ஒரு வரி = ஒரு பற்றுச்சீட்டு', அந்தப் பக்கம் 'ஒரு வரி = ஒரு நிலையம், ஒரு நாள்'. இந்த இரண்டு சொற்றொடரும் படத்தில் இல்லாததால் நடந்த சண்டைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எந்தக் கடிகாரம்

இலக்கம் சரியான பிறகும் அக்காவின் நிலையத்தில் ஒரு சிறு முரண்டு மிச்சம் இருந்தது. ஒரு நாள் திரையில் ஐந்து லீற்றர் குறையும், அடுத்த நாள் மூன்று கூடும். ஆனால் மாத மொத்தத்தைப் பார்த்தால் புத்தகத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. பதிவு தொலைந்தால் வித்தியாசம் நாளுக்கு நாள் ஒரே பக்கமாகச் சேர்ந்துகொண்டே போகும். நாளில் இடித்து மாதத்தில் ஒத்தால் எதுவும் தொலையவில்லை, பதிவுகள் பக்கத்து நாளுக்குப் போய்விடுகின்றன என்று அர்த்தம். இப்போது யாராவது கணக்கு இடிக்கிறது என்று சொன்னால் நான் முதலில் கேட்பது, நாளில் இடிக்கிறதா மாதத்திலும் இடிக்கிறதா என்பதைத்தான்.

புதிய படத்தின்முன் நின்று, 'நாள்' என்ற விபரம் எந்தப் பெட்டியில் பிறக்கிறது என்று தேடினோம். டேப்லெட் அனுப்புவது நேரம். டாஷ்போர்டில் இருப்பது நாள். நேரம் நாளாக மாறும் இடம் ஒன்று இருக்க வேண்டும், படத்தில் அது குறிக்கப்படவே இல்லை. பார்த்தால் களஞ்சியத்தில் ஏற்றும் படியில், சேவையகத்தின் நேரத்திலேயே தேதியை வெட்டியிருந்தோம். சேவையகம் ஓடுவது உலகப் பொது நேரத்தில். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அக்கா காலை 5:10க்குப் போடும் பற்றுச்சீட்டு அங்கே முந்தைய நாள் இரவு 23:40. ஆக ஐந்துக்கும் ஐந்தரைக்கும் இடையில் ஊற்றிய பால் எல்லாம் நேற்றைய கணக்கில் விழுந்தது. மற்ற நிலையங்கள் ஆறு மணிக்குத் திறப்பதால் அவற்றில் ஒரு சிக்கலும் இல்லை. விடியமுன் எழும்புகிற ஒரே நிலையம் இது, அதன் கணக்குத்தான் மறுபடியும் சந்தேகத்துக்கு உள்ளானது.

திருத்தம் ஒரு வரி:

```sql
(received_at AT TIME ZONE 'Asia/Colombo')::date
```

`received_at` நேரவலயத்தோடு சேமிக்கப்பட்ட வகையாக இருந்தால்தான் இது சரியாக வேலை செய்யும். நண்பன் ஐந்தரை மணியை நேரடியாகக் கூட்டிவிடலாமே என்றான். எங்கள் தரவுக்கு விடை ஒன்றுதான். ஆனாலும் வலயத்தின் பெயரை எழுதுவதே நல்லது என்று நினைக்கிறேன். இலங்கையில் 1996இல் கடிகாரத்தை முன்னே தள்ளினார்கள், 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பினோம். எங்கள் வயதுக்காரருக்கு அந்தக் குழப்பம் நன்றாக நினைவிருக்கும். ஒரு பழைய பதிவேடு என்றைக்காவது உள்ளே வந்தால் பெயருக்கு அந்த வரலாறு தெரியும், வெறும் எண்ணுக்குத் தெரியாது.

படத்தில் அந்தப் பெட்டிக்கு மேலே 'நாள் இங்கே வெட்டப்படுகிறது, கொழும்பு நேரம்' என்று எழுதினேன். ஒன்றைக் கவனித்தேன். உள்ளே வந்தது, போனது, கழிந்தது என்ற கணக்கு இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. வரி எண்ணிக்கையும் ஒத்தது, லீற்றரும் ஒத்தது. 3.5 என்பதற்குப் பதில் 35 என்று விரல் தவறினாலும் அந்தக் கணக்கு ஒத்துப்போகும். அது காணாமல் போனதைத்தான் பிடிக்கும், இடம் மாறியதையும் அளவு மாறியதையும் பிடிக்காது. அவற்றுக்கு, ஒரு விபரம் எந்தப் பெட்டியில் பிறக்கிறது, எந்தப் பெட்டியில் உருமாறுகிறது என்று படத்தில் குறித்திருந்தால் தேட வேண்டிய இடமாவது தெரியும்.

வலமிருந்து இடம்

இப்போது நான் வரையும் விதம் மாறிவிட்டது. முன்பு மூலங்களில் தொடங்கி வலப்பக்கம் போவேன். அப்படிப் போனால் எல்லா அம்பும் தானாக ஒழுங்காக விழுந்துவிடும், எந்த இடத்திலும் நிற்க வேண்டிவராது. இப்போது வெள்ளைப்பலகையின் வலது ஓரத்தில் டாஷ்போர்டில் உள்ள ஒரே ஒரு எண்ணை எழுதுவேன். உதாரணமாக 'நான்காம் நிலையம், நேற்று, 203 லீற்றர்'. அந்த எண் எந்த அட்டவணையிலிருந்து வந்தது, அந்த அட்டவணையை எது நிரப்பியது, அதற்கு முன்னால் எது என்று ஒவ்வொரு அடியாக இடப்பக்கம் வருவேன். ஒரு அடியில் 'அது அப்படியே வரும்' என்று யாராவது சொன்னால் அங்கே நிறுத்திக் கணனி நிரலைத் திறந்து பார்ப்போம். மூல அட்டவணை வந்ததும் அங்கே நிறுத்தாமல் இன்னும் ஒரு அடி வைத்து, அதைத் தட்டுகிற ஆளையும் படத்தில் வைப்பேன். எங்கள் படத்தின் இடது ஓரத்தில் இப்போது டேப்லெட்டுக்கு முன்னால் லக்டோமீட்டரும், அதற்குப் பக்கத்தில் புள்ளிக்கோட்டில் 'திருப்பியது' நிரலும் இருக்கின்றன. அந்த நிரல் இன்னும் கொப்பியில் மட்டும்தான் இருக்கிறது. டேப்லெட்டுக்குள் கொண்டுவரும் வேலை அடுத்தது.

அம்பு எதைக் குறிக்கிறது என்பதையும் ஒரு மூலையில் எழுதிவிடுவோம். எங்கள் கணனி நிரல்தான் சேவையகத்திடம் போய்த் தரவைக் கேட்டு வாங்குகிறது. ஆகவே ஒருவர் நிரலிலிருந்து சேவையகத்துக்கு அம்பு போடுவார், இன்னொருவர் சேவையகத்திலிருந்து நிரலுக்குப் போடுவார். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒருவர் வரைய, தரவு எந்தப் பக்கம் போகிறது என்று மற்றவர் வரைந்தால் அந்தப் படத்தை வைத்து எதையும் தேட முடியாது. எங்கள் படத்தில் அம்பு என்றால் தரவு போகும் திசை, வேறொன்றுமில்லை.

நண்பனின் கட்சியிலும் நியாயம் உண்டு. எல்லாவற்றையும் வரைந்தால் ஒரு தாளில் அடங்காது. நான் நிறையவே விட்டுவிட்டேன். மென்பொருள் சின்னங்கள் போய்விட்டன, நிறங்கள் போய்விட்டன, எந்த மணிக்கு எந்த வேலை ஓடும் என்பது வேறு தாளுக்குப் போய்விட்டது. அம்பின்மேல் உள்ள எண்ணிக்கையும் கையால் எழுதினால் இரண்டாம் நாளே பழசாகும். அதனால் ஒவ்வொரு படியும் முடிந்ததும் வந்தது, போனது, கழிந்தது மூன்றையும் ஒரு சிறு அட்டவணையில் எழுதும்படி செய்திருக்கிறோம். ஒவ்வொரு காலையும் அதிலிருந்து எண்ணை எடுத்து, மூலையில் தேதியோடு படம் புதிதாக வரும். முகாமையாளருக்குப் புள்ளிக்கோடு இல்லாத ஒரு படமும் எங்களுக்குப் புள்ளிக்கோடு உள்ள ஒரு படமும் என்று இரண்டாக வைத்துக்கொள்ளலாம் என்று நண்பன் ஒருமுறை சொன்னான். அதற்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை. அக்காமீது சந்தேகம் வந்தது முகாமையாளரின் சுவரில் இருந்த படத்தால். கழிந்தது எங்கே என்று பார்க்க வேண்டியவரே அவர்தான்.

`reject_receipt` அட்டவணையில் அன்றன்று விழுந்தவை காலை எட்டு மணிக்கு அந்தந்த நிலையத்தின் தொலைபேசிக்குப் போகின்றன. போன கிழமை ஒரு நாள் அக்காவுக்கு மூன்று வரி போனது. ஒன்பது மணிக்கு முன்னால் அழைத்துவிட்டார். "முதலாவது நான் அமத்தினது பிழை, 04052 எண்டு மாத்துங்கோ. ரெண்டாவது புதுசாச் சேர்ந்த பிள்ளை, ஒபிசில இன்னும் பதியேல்லைப் போல. மூண்டாவது ஆரெண்டு விளங்கேல்லைத் தம்பி, நாளைக்கு விடிய வந்தா கேட்டுச் சொல்லுறன்." முதல் இரண்டும் அன்றைக்கே முழுக்கோட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்தன. மூன்றாவது, நான்கு லீற்றர், இன்னும் புள்ளிக்கோட்டின் முடிவில் இருக்கிறது.